ஒரு கேள்விக்கு மூன்று விடை: பறிமுதல் செய்த பங்கைத் திரும்ப வழங்கும்போது கணக்கு எங்கே பிசகுகிறது?

கம்பனிப் பங்கு வழங்கல் கேள்வி ஒன்றை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கணக்கீடு படிக்கும் நான்கு பேரிடம் கொடுத்தால், நாளேட்டின் முதல் பாதி நால்வருக்கும் ஒரே மாதிரித்தான் வரும். கடைசி வரிக்கு வந்ததும் பிரிந்துவிடுவார்கள். மூலதன ஒதுக்கத்துக்கு மாற்றும் தொகை ஒருவருக்கு 2,000, இன்னொருவருக்கு 1,500, மற்றவருக்கு 1,400 என்று நிற்கும். நான்காமவர், "இலங்கையில் முகப்பெறுமதியே இல்லையே, இந்தக் கணக்கு எதற்கு?" என்று கேட்பார். நான்காமவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம்.

## முதலில் சொற்கள், அதிலும் இரண்டு சொற்கள்

இந்தப் பக்கத்து மாணவர்கள் பலர் யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளையும் பார்க்கிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. நாம் இலங்கையில் இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தை செலவு என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. அதாவது 'வரவு' என்ற ஒரே சொல் பாக்கு நீரிணையைத் தாண்டியதும் பக்கம் மாறிவிடுகிறது. அங்குள்ள வீடியோவில் "பங்கு முதல் கணக்கு வரவு" என்று சொன்னால் நம் நாளேட்டில் அது செலவுப் பக்கம். இதைக் கவனிக்காமல் பார்த்தெழுதினால் பதிவு முழுதும் தலைகீழாகும். இந்தக் கட்டுரையில் எல்லாம் இலங்கை வழக்குத்தான்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். பங்கின் விலையைக் கம்பனி தவணையாக வாங்கலாம். விண்ணப்பிக்கும்போது ஒரு தொகை, பங்கு கிடைத்தது என்று அறிவித்ததும் ஒரு தொகை, மீதியை அழைப்பாக. இதில் நடுவில் உள்ளதுதான் ஒதுக்கீட்டுப் பணம். வழங்கும் பங்குகளைவிட அதிகப் பங்குகளுக்கு விண்ணப்பம் வந்தால் அது மிகை விண்ணப்பம். கேட்ட பணத்தைக் குறித்த நாளில் கட்டாமல் விட்டால் அது நிலுவை. அறிவித்தல் கொடுத்த பிறகும் கட்டாதவரின் பங்கைக் கம்பனி எடுத்துக்கொள்வது பறிமுதல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதை ஒறுப்பிழப்பு என்பார்கள். எடுத்த பங்கை வேறொருவருக்குக் கொடுப்பது மறுவழங்கல். ஒதுக்கீடு வேறு, ஒதுக்கம் வேறு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு பங்கைக் கொடுப்பது. ஒதுக்கம் ஒரு பக்கமாக எடுத்துவைக்கும் தொகை.

பறிமுதல் செய்யும் அதிகாரம் கம்பனியின் அமைப்பு விதிகளில் இருக்க வேண்டும். பணிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது என்பதற்காகச் செய்ய முடியாது.

## கணக்கு

சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலை நடத்தும் ஒரு பொதுக் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கம்பனி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. மிகை விண்ணப்பம் என்ற பேச்சே அங்கு வராது.

கம்பனி 10 ரூபா முகப்பெறுமதியுள்ள 20,000 பங்குகளை, பங்கொன்றுக்கு 2 ரூபா பிரீமியத்துடன் வழங்குகிறது. விண்ணப்பத்தில் 3 ரூபா, ஒதுக்கீட்டில் பிரீமியம் உட்பட 5 ரூபா, முதலும் கடைசியுமான அழைப்பில் 4 ரூபா. விண்ணப்பம் வந்தது 35,000 பங்குகளுக்கு. 5,000 பங்குகளுக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டுப் பணம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. மீதி 30,000 பங்குகளுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 20,000 பங்குகள் விகிதாசாரப்படி ஒதுக்கப்படுகின்றன. கூடுதலாக வந்த விண்ணப்பப் பணம் ஒதுக்கீட்டில் கழிக்கப்படும்.

400 பங்குகள் கிடைத்த கல்முனைக்காரர் ஒதுக்கீட்டுப் பணமும் கட்டவில்லை, அழைப்பும் கட்டவில்லை. 200 பங்குகள் கிடைத்த ஏறாவூர்க்காரர் ஒதுக்கீட்டைக் கட்டிவிட்டார், அழைப்பை மட்டும் கட்டவில்லை. இருவரின் பங்குகளும் பறிமுதல். பிறகு அவற்றில் 500 பங்குகள், அதாவது கல்முனைக்காரரின் 400 முழுவதும் ஏறாவூர்க்காரரின் 100ம், பங்கு 8 ரூபாவுக்கு முழுதாகச் செலுத்தப்பட்டதாக மறுவழங்கல் செய்யப்படுகின்றன.

## படி 1: மிகை விண்ணப்பப் பணம்

வந்த பணம் 35,000 × 3 = 105,000 ரூபா. இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். 20,000 பங்குகளுக்கு உரிய 60,000 மூலதனத்துக்குப் போகும். நிராகரித்த 5,000 பங்குகளின் 15,000 திரும்பிப் போகும். மிஞ்சும் 30,000 ஒதுக்கீட்டுக்கு முற்பணம்.

(1) விண்ணப்பப் பணம் கிடைத்தது
வரவு: வங்கி 105,000
செலவு: பங்கு விண்ணப்பம் 105,000

(2) அதைப் பிரித்தது
வரவு: பங்கு விண்ணப்பம் 105,000
செலவு: பங்கு மூலதனம் 60,000
செலவு: வங்கி 15,000
செலவு: பங்கு ஒதுக்கீடு 30,000

(3) ஒதுக்கீட்டுப் பணம் வர வேண்டியதானது
வரவு: பங்கு ஒதுக்கீடு 100,000
செலவு: பங்கு மூலதனம் 60,000
செலவு: பங்குப் பிரீமியம் 40,000

ஒதுக்கீட்டில் இனிக் காசாக வர வேண்டியது 100,000 அல்ல, 70,000தான். பங்கொன்றுக்கு 3.50. இந்த 3.50ஐ ஓரத்தில் எழுதி வையுங்கள், அடுத்த படியில் உதவும்.

## படி 2: கல்முனைக்காரர் உண்மையில் எவ்வளவு கட்டவில்லை?

மிகை விண்ணப்பமும் நிலுவையும் சேரும் இடம் இது. இங்கே சறுக்குபவர்கள்தான் அதிகம். 400 பங்கு, பங்குக்கு 5 ரூபா, ஆகவே நிலுவை 2,000 என்று எழுதிவிடுவார்கள். அவர் ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியது மறந்துபோகும்.

அவருக்குக் கிடைத்தது 400. விகிதம் 3க்கு 2. ஆகவே அவர் விண்ணப்பித்தது 400 × 3 ÷ 2 = 600 பங்குகள். மிகை விண்ணப்பத்தில் கேட்டது எப்போதும் கிடைத்ததைவிடக் கூட இருக்கும். உங்கள் விடை 400ஐவிடக் குறைந்தால் விகிதத்தைத் தலைகீழாகப் பெருக்கியிருக்கிறீர்கள்.

அவர் கட்டியது 600 × 3 = 1,800. விண்ணப்பத்துக்கு உரியது 400 × 3 = 1,200. மீதி 600 ஒதுக்கீட்டில் கழியும். ஒதுக்கீட்டில் அவர் கட்ட வேண்டியது 2,000. ஆகவே நிலுவை 1,400. முன்னே எழுதி வைத்த 3.50ஐ 400ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 1,400 வரும்.

(4) ஒதுக்கீட்டுப் பணம் கிடைத்தது
வரவு: வங்கி 68,600
செலவு: பங்கு ஒதுக்கீடு 68,600

(5) அழைப்பு விடுத்தது
வரவு: பங்கு அழைப்பு 80,000
செலவு: பங்கு மூலதனம் 80,000

(6) அழைப்புப் பணம் கிடைத்தது
வரவு: வங்கி 77,600
செலவு: பங்கு அழைப்பு 77,600

அழைப்பில் வராதது கல்முனைக்காரரின் 1,600, ஏறாவூர்க்காரரின் 800. இந்த நிலுவைகளை ஒதுக்கீடு, அழைப்புக் கணக்குகளின் மீதியாகவே விட்டிருக்கிறேன். 'அழைப்பு நிலுவை' என்று தனிக் கணக்குத் திறந்து 1,400ஐயும் 2,400ஐயும் அதற்கு மாற்றினாலும் சரிதான். கேள்வி எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். இரண்டையும் கலந்து செய்தால்தான் சிக்கல்.

## படி 3: பறிமுதல், இங்கே பிரீமியம் என்னவாகும்?

பறிமுதலின் தர்க்கம் எளிது. அந்தப் பங்குகளுக்காக மூலதனத்தில் எழுதியதை எடுத்துவிட வேண்டும். வராத பணத்தை வர வேண்டியதிலிருந்து எடுத்துவிட வேண்டும். வந்த பணம் திருப்பிக் கொடுக்கப்படாது என்பதால் அது 'பறிமுதல் பங்குகள்' கணக்கில் போய் உட்காரும்.

பிரீமியத்துக்கு ஒரு விதி உண்டு. காசாக வந்துவிட்ட பிரீமியத்தைத் தொடக்கூடாது. வராத பிரீமியத்தை மட்டும் திருப்ப வேண்டும். ஏறாவூர்க்காரர் ஒதுக்கீட்டைக் கட்டிவிட்டார், ஆகவே அவரது பிரீமியம் 400 ரூபா அப்படியே இருக்கும். கல்முனைக்காரரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அவரது 600 ரூபா ஒதுக்கீட்டில் கழிந்ததே, அதில் பிரீமியம் கொஞ்சம் வந்ததாகக் கொள்வதா? வழக்கம் என்னவென்றால், கூடுதல் விண்ணப்பப் பணம் ஒதுக்கீட்டின் மூலதனப் பகுதிக்கே முதலில் போகும். அவரது ஒதுக்கீட்டில் மூலதனப் பகுதி 400 × 3 = 1,200. 600 அதற்கே போதாது. ஆகவே பிரீமியத்தில் ஒரு சதமும் வரவில்லை, 800 முழுவதையும் திருப்ப வேண்டும்.

(7) கல்முனைக்காரரின் 400 பங்குகள் பறிமுதல்
வரவு: பங்கு மூலதனம் 4,000
வரவு: பங்குப் பிரீமியம் 800
செலவு: பங்கு ஒதுக்கீடு 1,400
செலவு: பங்கு அழைப்பு 1,600
செலவு: பறிமுதல் பங்குகள் 1,800

(8) ஏறாவூர்க்காரரின் 200 பங்குகள் பறிமுதல்
வரவு: பங்கு மூலதனம் 2,000
செலவு: பங்கு அழைப்பு 800
செலவு: பறிமுதல் பங்குகள் 1,200

ஏழாவது பதிவின் 1,800ஐப் பாருங்கள். அவர் முதல் நாள் கையிலிருந்து கொடுத்த காசு அதே 1,800தான். பிரீமியம் ஒன்றும் வராத பங்குதாரருக்கு இந்தப் பொருத்தம் இருந்தே ஆக வேண்டும். ஏறாவூர்க்காரர் மொத்தமாகக் கட்டியது 1,600. அதில் பிரீமியம் 400 பிரீமியக் கணக்கில் தங்கிவிட்டது, மீதி 1,200 இங்கே வந்திருக்கிறது. இருவரையும் ஒரே பதிவில் சேர்த்து எழுதலாம், தவறில்லை. ஆனால் அடுத்த படியில் இருவரின் பங்குத் தொகையும் தனித்தனியாகத் தேவைப்படும். அதனால் பிரித்தெழுதுவதே நல்லது.

## படி 4: மறுவழங்கல், அந்த மூன்று விடைகள்

500 பங்குகள் 8 ரூபாவுக்கு. முகப்பெறுமதி 10. குறையும் 2 ரூபாவைப் பறிமுதல் பங்குகள் கணக்கு தாங்கும்.

(9) மறுவழங்கல்
வரவு: வங்கி 4,000
வரவு: பறிமுதல் பங்குகள் 1,000
செலவு: பங்கு மூலதனம் 5,000

எவ்வளவு வரை கழிவு கொடுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஒரு பங்குக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்து கொடுத்தது குறைந்தது முகப்பெறுமதிக்காவது வர வேண்டும். கல்முனைக்காரர் பங்கொன்றுக்கு 4.50 கொடுத்திருந்தார், ஆகவே அந்தப் பங்கை 5.50க்குக் கீழே கொடுக்க முடியாது. ஏறாவூர்க்காரர் மூலதனமாக 6 கொடுத்தார், அவரது பங்கை 4 ரூபா வரை இறக்கலாம். 8 ரூபா இரண்டுக்கும் மேலே இருக்கிறது, பிரச்சினை இல்லை.

அப்புறம் மூலதன ஒதுக்கம். மறுவழங்கலுக்குப் பிறகு மிஞ்சும் ஆதாயம் அன்றாட வியாபார இலாபம் அல்ல, ஆகவே அது மூலதன ஒதுக்கத்துக்கு மாறும். எவ்வளவு?

1. 2,000 எழுதுபவர், பறிமுதல் கணக்கில் இருந்த 3,000 முழுவதிலிருந்தும் கழிவு 1,000ஐ எடுத்துவிடுகிறார். ஏறாவூர்க்காரரின் 100 பங்குகள் இன்னும் விற்கப்படவில்லை என்பது அவருக்கு நினைவில்லை. விற்காத பங்கில் ஆதாயம் எப்படி வரும்?

2. 1,500 எழுதுபவர் கவனமானவர். 600 பங்குகளில் 500தான் போனது என்று தெரிந்து, 3,000 × 500 ÷ 600 = 2,500 என்று சராசரி எடுத்து 1,000ஐக் கழிக்கிறார். ஆனால் எல்லாப் பங்குக்கும் ஒரே அளவு பணம் வரவில்லை. ஒன்றில் 4.50, மற்றதில் 6. எந்தப் பங்கு போனது என்று கேள்வி தெளிவாகச் சொல்லியிருக்கும்போது சராசரிக்கு இடமில்லை.

3. 1,400 எழுதுபவர் போன பங்குகளின் பணத்தை மட்டும் எடுக்கிறார். கல்முனைக்காரரின் 400 பங்குகளுக்கு 1,800, ஏறாவூர்க்காரரின் 100 பங்குகளுக்கு 600, சேர்த்து 2,400. அதிலிருந்து 1,000 கழிவு. இதுதான் சரி.

(10) ஆதாயத்தை மாற்றியது
வரவு: பறிமுதல் பங்குகள் 1,400
செலவு: மூலதன ஒதுக்கம் 1,400

இந்தப் பிழையில் ஒரு பொல்லாத குணம் இருக்கிறது. பரீட்சை மீதி இதைக் காட்டிக்கொடுக்காது. 2,000 எழுதினாலும் 1,500 எழுதினாலும் இரு பக்கமும் சமமாகவே நிற்கும், ஏனெனில் தொகை ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு வழியில் பார்க்க வேண்டும். பறிமுதல் பங்குகள் கணக்கில் கடைசியில் மிஞ்சுவது, இன்னும் விற்காத பங்குகளுக்கு வந்திருந்த மூலதனப் பணமாக இருக்க வேண்டும். 100 பங்குகள், பங்குக்கு 6, ஆகவே 600. நமது கணக்கில் 3,000 − 1,000 − 1,400 = 600, பொருந்துகிறது. முதலாமவரின் கணக்கில் பூச்சியம் நிற்கும், இரண்டாமவருடையதில் 500. பேரேட்டுக் கணக்கை மட்டும் வரைந்து மீதியைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

## நான்காமவரின் கேள்வி

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இலங்கையில் முகப்பெறுமதியை ஒழித்துவிட்டது. அதற்கு முன்பிருந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பங்குக்கு முகப்பெறுமதி இருந்தது, பிரீமியக் கணக்கும் இருந்தது. இப்போது உள்ளது கூறப்பட்ட மூலதனம். பங்கு வழங்கியதற்காகவும் அழைப்புகளுக்காகவும் கம்பனிக்குக் கிடைத்ததும் கிடைக்க வேண்டியதுமான தொகைகளின் கூட்டுத்தான் அது. முகப்பெறுமதி இல்லையென்றால் அதற்கு மேலே பிரீமியமும் இல்லை, கீழே கழிவும் இல்லை. பங்குச் சந்தையில் புதிதாக வரும் வழங்கல்களில் பெரும்பாலும் விலை முழுவதையும் விண்ணப்பத்தோடே கேட்டுவிடுவதால், அழைப்பு நிலுவை என்பதையே நடைமுறையில் பார்ப்பது அரிது.

சரி, இதே ஆலையின் கணக்கை முகப்பெறுமதி இல்லாமல், பங்கொன்று 12 ரூபா என்று வைத்துச் செய்தால்? முதல் ஆறு பதிவுகளில் பங்கு மூலதனம், பிரீமியம் என்ற இரண்டும் கூறப்பட்ட மூலதனம் என்ற ஒன்றாகும். ஒதுக்கீட்டில் 100,000 முழுதும் அங்கேயே போகும். வரைவிலக்கணத்தை அப்படியே பின்பற்றினால், பறிமுதலில் நீக்க வேண்டியது இனி வராது என்று தெரிந்த தொகையை மட்டும்தான்.

வரவு: கூறப்பட்ட மூலதனம் 3,800
செலவு: பங்கு ஒதுக்கீடு 1,400
செலவு: பங்கு அழைப்பு 2,400

ஏற்கெனவே வந்த பணம் பங்கு வழங்கியதற்காக வந்த பணமே. அது இருந்த இடத்தில் இருக்கும். மறுவழங்கலும் அப்படியே:

வரவு: வங்கி 4,000
செலவு: கூறப்பட்ட மூலதனம் 4,000

8 ரூபா குறைவா கூடவா என்று ஒப்பிட முகப்பெறுமதி இல்லை. அந்த விலை கம்பனிக்கும் இருக்கும் பங்குதாரர்களுக்கும் நியாயமானதா என்பதைத்தான் பணிப்பாளர் சபை பார்க்க வேண்டும். கடைசியில் கூறப்பட்ட மூலதனம் 240,000 − 3,800 + 4,000 = 240,200.

இப்போது பழைய முறையின் மீதிகளைக் கூட்டிப் பாருங்கள். பங்கு மூலதனம் 199,000, பிரீமியம் 39,200, பறிமுதல் பங்குகள் 600, மூலதன ஒதுக்கம் 1,400. மொத்தம் 240,200. வங்கியில் இருப்பதும் அதே தொகை. இரண்டு முறைகளிலும் பணம் ஒன்றுதான். பழைய முறை அதை நான்கு பெட்டிகளில் பிரித்து வைக்கிறது, புதிய சட்டம் ஒரே பெட்டியில் போடுகிறது.

பரீட்சை மேசையில் எதைச் செய்வது? கேள்வியின் முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். "10 ரூபாப் பங்கு", "பிரீமியம்", "கழிவு" என்ற சொற்கள் இருந்தால் அது பழைய முறையிலோ இந்திய முறையிலோ அமைந்த கேள்வி, பத்துப் பதிவுகளும் வேண்டும். வழங்கும் விலை மட்டும் தந்து கூறப்பட்ட மூலதனம் என்று சொல்லியிருந்தால் மூலதன ஒதுக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். அப்படிப்பட்ட கேள்வியிலும் பறிமுதல் பங்குகளுக்குத் தனிக் கணக்குக் கேட்டிருந்தால், அந்தப் பங்குகளுக்கு வந்த பணத்தை அதில் தற்காலிகமாக வைத்து, மறுவழங்கலின்போது கூறப்பட்ட மூலதனத்துக்கே திருப்பிவிடுங்கள். கல்முனைக்காரரின் 1,800ம் ஏறாவூர்க்காரரின் 1,600ம் அதில் ஏறும். ஏறாவூர்க்காரருக்கு 1,200 அல்ல, 1,600. பிரீமியம் என்று பிரித்து வைக்க இங்கே எதுவும் இல்லை.